கதவில் எழுதிய எடை: சிறு லோரிக்காரரின் தவணை ஒப்பந்தம்

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் நிற்கும் எந்த லோரியின் கதவையும் பாருங்கள். உரிமையாளர் பெயருக்குக் கீழே இரண்டு எடைகள் எழுதியிருக்கும். ஒன்று சரக்கில்லாத வண்டியின் எடை, மற்றது சரக்கோடு சேர்த்து அந்த வண்டி சாலையில் எட்டக்கூடிய உச்ச எடை. மலாயில் இரண்டாவதை ‘பெராட் டெங்ஙான் முவாத்தான்’ என்பார்கள். சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரி அதிகச் சுமைக்காக வண்டியை நிறுத்தும்போது இந்த எண்ணைத்தான் பார்க்கிறார். லோரியைத் தவணையில் வாங்குகிறவருக்கோ அதே எண் வேறொன்றையும் சொல்கிறது. இரண்டு மாதத் தவணை தவறினால், கடன் கொடுத்தவர் முன்கூட்டி எழுதி அறிவிக்காமல் வண்டியை இழுத்துப்போகலாமா கூடாதா என்பதை முடிவுசெய்யும் எண் அது. பட்டர்வொர்த் பக்கம் லோரி வாங்குகிறவர்களில் பலர் மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். முதலில் கேட்கவேண்டியது எடை.

மலேசியாவில் தவணைக் கொள்முதலை ஆள்வது 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம். ‘சேவா பெலி’ என்று எல்லோரும் சொல்வது இதன்கீழ் வரும் ஒப்பந்தத்தைத்தான். பெயர் சொல்வது போலவே, தவணை முடியும்வரை வண்டி வாங்கியவருடையது அல்ல. வங்கியோ நிதி நிறுவனமோ சட்டப்படி உரிமையாளர். நாம் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர். கடைசித் தவணை கட்டியதும் வண்டி நம்முடையதாகிறது. வாகனப் பதிவில் நம் பெயர் இருந்தாலும், கூடவே கடன் கொடுத்தவரின் உரிமைக் கோரிக்கையும் பதிந்திருக்கும். அது நீங்கும்வரை வண்டியை விற்கவோ பெயர் மாற்றவோ முடியாது.

இந்தச் சட்டம் எல்லாப் பொருளுக்கும் பொருந்துவதில்லை. முதல் அட்டவணையில் உள்ள பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும். அதில் வீட்டு உபயோகப் பொருள்கள் இருக்கின்றன, மோட்டார் சைக்கிள் இருக்கிறது, டாக்சி உட்படக் கார்கள் இருக்கின்றன, பேருந்துகள் இருக்கின்றன. சரக்கு வாகனமும் இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: சரக்கோடு சேர்ந்த அனுமதி எடை 2,540 கிலோவைத் தாண்டக்கூடாது. பழைய ஆங்கிலேய டன் கணக்கில் அது இரண்டரை டன். மளிகைக் கடைக்குச் சாமான் கொண்டுபோகும் சின்ன வேன், ஒரு டன் வகையின் மிகச் சிறிய லோரி போன்றவை இதற்குள் அடங்கும். தொழிற்பேட்டையில் பலகைச் சட்டங்களும் அட்டைப்பெட்டிகளும் ஏற்றும், பேச்சுவழக்கில் ‘மூன்று டன்’ எனப்படும் லோரியின் சரக்கோடு சேர்ந்த எடை 5,000 கிலோ அளவில் பதிவாகும். அது வெளியே நிற்கிறது.

வெளியே நிற்பது என்றால் ஒப்பந்தம் செல்லாது என்று பொருளல்ல. ‘வாடகைக் கொள்முதல்’ என்ற அதே தலைப்போடு அதே மாதிரியான தாளில்தான் அதுவும் வரும். சட்டம் தரும் பாதுகாப்பு மட்டும் இருக்காது. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் தாளில் எழுதியிருக்கும் வாசகங்களும்தான் அங்கே பேசும். தாளை எழுதியவர் கடன் கொடுப்பவர்.

பேருந்துக்கு இந்த எடை வரம்பு கிடையாது என்பதையும் பாருங்கள். பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள பேருந்தை வாங்கும் நிறுவனத்துக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. தானே ஓட்டி, தானே சுமை இறக்கி, ஒரே ஒரு மூன்று டன் லோரியை வைத்துப் பிழைப்பவருக்கு இல்லை. பெரிய லோரி வாங்குகிறவர் வணிகர், தன் நலனைத் தானே பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் இந்த வரம்புக்குப் பின்னால் இருக்கலாம். ஒற்றை லோரிக்காரரைப் பார்த்தவர் எவரும் அதை ஏற்கமாட்டார். நிதி நிறுவனத்தின் முன் அவர் உட்காரும் நாற்காலியும், கார் வாங்கும் தொழிலாளி உட்காரும் நாற்காலியும் ஒரே உயரம்தான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் புரிவதற்காக நான் அமைத்தவை. பழைய மூன்று டன் லோரி ஒன்றின் ரொக்க விலை 80,000 ரிங்கிட். முன்பணம் 8,000. மீதி 72,000 ரிங்கிட்டுக்குக் கடன், ஐந்து வருடம், வருடத்துக்கு 5 விழுக்காடு நிலை வட்டி. நிலை வட்டி என்றால், அசல் குறையக் குறைய வட்டி குறைவதில்லை. முதல் நாள் அசலின்மேல் ஐந்து வருடத்துக்கும் வட்டி போடப்படும். 72,000இன் 5 விழுக்காடு 3,600. ஐந்து வருடத்துக்கு 18,000. மொத்தம் 90,000 ரிங்கிட்டை 60 மாதத்தால் வகுத்தால் மாதம் 1,500.

‘ஐந்தே விழுக்காடு’ என்று விற்பனையாளர் சொல்வது பொய்யல்ல, ஆனாலும் அது உண்மையான வட்டியைக் காட்டுவதில்லை. முதல் மாதமே நாம் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறோம். மூன்றாவது வருடத்தின் நடுவில் கையில் இருக்கும் கடன் 72,000இல் பாதியைச் சற்றே தாண்டியதுதான். வட்டியோ முழு 72,000க்கும் போட்டது. குறையும் அசலின்மேல் கணக்கிட்டால் இதே கடனின் வட்டி வருடத்துக்கு 9 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும். வங்கியின் வேறொரு கடனோடு ஒப்பிடும்போது இந்த 9ஐத்தான் வைத்து ஒப்பிடவேண்டும். சட்டத்துக்குள் வரும் வண்டிக்கு நிலை வட்டி 10 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, முன்பணம் ரொக்க விலையில் 10 விழுக்காடாவது இருக்கவேண்டும். சட்டத்துக்கு வெளியே உள்ள லோரிக்கு இந்த இரண்டு எல்லைகளும் இல்லை. முன்பணமே வேண்டாம் என்று சொல்லி ஆசை காட்டும் ஒப்பந்தங்கள் வருவது அதனால்தான். முன்பணம் இல்லாத லோரி முதல் நாளிலிருந்தே அதன் சந்தை விலையைவிட அதிகக் கடனைச் சுமந்து ஓடுகிறது. பின்னால் அது இழுக்கப்பட்டால் மிஞ்சும் பாக்கி பெரிதாவதும் இதனால்தான்.

இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டியபின், கையில் பணம் சேர்ந்து, கடனை முடித்துவிட நினைக்கிறார் என்று வைப்போம். 36 தவணை மீதி, 54,000 ரிங்கிட். ஐந்து வருட வட்டி 18,000. அதில் இன்னும் மூன்று வருடம் ஓடவில்லை. ஆகவே 10,800 கழியும், 43,200 கொடுத்தால் போதும் என்றுதான் எவரும் மனக்கணக்குப் போடுவார். நிறுவனம் தரும் தாளில் ஏறக்குறைய 47,450 இருக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வரும். இங்கே நடப்பது ‘78 விதி’ எனப்படும் கணக்கு. முதல் மாதத்துக்கு 60 பங்கு வட்டி, இரண்டாம் மாதத்துக்கு 59 பங்கு, இப்படியே இறங்கிக் கடைசி மாதத்துக்கு ஒரு பங்கு. மொத்தம் 1,830 பங்குகள். மீதி 36 மாதங்களுக்குச் சேர்வது 666 பங்குகள் மட்டும். 18,000த்தை 666ஆல் பெருக்கி 1,830ஆல் வகுத்தால் 6,551 ரிங்கிட், கழிவு அவ்வளவுதான்.

இந்த விதியைப் பலரும் கொள்ளை என்கிறார்கள். என் கருத்து சற்று வேறு. இதே கடனைக் குறையும் அசலின்மேல் நேர்மையாகக் கணக்கிட்டுப் பார்த்தால், 24ஆம் மாதத்தில் தரவேண்டியது சுமார் 47,060 ரிங்கிட் வருகிறது. 78 விதி அதைவிட 400 ரிங்கிட்டுக்கும் குறைவாகவே கூட்டுகிறது. லோரிக்காரரை ஏமாற்றியது கழிவுக் கணக்கைவிட, ஆரம்பத்தில் ‘5 விழுக்காடு’ என்று சொன்ன அந்தச் சொல்தான். வாங்கும் நாளிலேயே, இத்தனையாவது மாதத்தில் முடித்தால் எவ்வளவு கட்டவேண்டும் என்று 12, 24, 36 மாதங்களுக்கு எழுதி வாங்கிக்கொண்டால் பின்னால் இந்த அதிர்ச்சி இருக்காது. நிலை வட்டியையும் 78 விதியையும் கைவிடப்போவதாக அரசாங்கம் அண்மை ஆண்டுகளில் அறிவித்திருக்கிறது. அது கார் வாங்குகிறவரைப் பாதுகாக்கும். 2,540 கிலோவைத் தாண்டிய லோரியின் ஒப்பந்தத்தில் எந்தக் கணக்கு எழுதியிருக்கிறதோ அதுதான் நடக்கும் என்பதால், லோரிக்காரர் அறிவிப்பை நம்பாமல் தாளைப் படிக்கவேண்டும்.

இனி தவணை தவறும் கட்டம். சிறு போக்குவரத்துத் தொழிலில் தவணை தவறுவதற்குச் சோம்பலோ ஊதாரித்தனமோ காரணமாக இருப்பது குறைவு. டீசலுக்கும் டோலுக்கும் டயருக்கும் அன்றன்றே காசு வேண்டும். சரக்கு அனுப்பிய தொழிற்சாலை பில் போட்டு அறுபது நாள், தொண்ணூறு நாள் கழித்துத்தான் கொடுக்கும். நடுவில் கியர்பாக்ஸ் போய்விட்டால் ஒரு மாத வருமானமே நின்றுவிடும். தவணை நாள் மட்டும் நகராது. தொழிற்சாலை பணம் விடும் வாரத்துக்குப் பிறகு வருமாறு தவணை நாளைக் குறிக்கச்சொல்லி ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்கலாம். இது சிறிய விஷயம்தான், ஆனாலும் பல தவறுதல்கள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

லோரி சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை முதலில் பார்ப்போம். ஒரு மாதம் தவறினால் தாமதக் கட்டணம் மட்டும்: வருடத்துக்கு 8 விழுக்காடு, நாள்கணக்கில். 1,500 ரிங்கிட் முப்பது நாள் தாமதமானால் பத்து ரிங்கிட்டுக்கும் குறைவு. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான், அல்லது கடைசித் தவணை தவறினால்தான், வண்டியை எடுக்கும் அதிகாரம் பிறக்கிறது. அப்போதும் உடனே எடுக்க முடியாது. நான்காம் அட்டவணைப்படி எழுத்து அறிவிப்பு அனுப்பி, 21 நாளாவது காத்திருக்கவேண்டும். அதற்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது.

இந்த ‘தொடர்ந்து இரண்டு’ என்பதை வைத்து ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஒரு மாதம் கட்டி ஒரு மாதம் விட்டால் தொடர்ச்சி வராது, வண்டி தப்பித்துவிடும் என்று நினைக்கிறார்கள். கட்டும் பணம் பொதுவாக மிகப் பழைய பாக்கியில் போய்ச் சேரும். ஜனவரியை விட்டுவிட்டுப் பிப்ரவரியில் ஒரு தவணை கட்டினால் அது ஜனவரிக்குப் போகும், பிப்ரவரி பாக்கியாகும். மார்ச்சில் கட்டாவிட்டால் பிப்ரவரியும் மார்ச்சும் சேர்ந்து இரண்டு தொடர் தவணையாகிவிடும். ஆக, ஒன்றுவிட்டு ஒன்று கட்டுகிறவர் மூன்றாவது மாதத்திலேயே எல்லையில் நிற்கிறார்.

சட்டத்தின் இன்னொரு பாதுகாப்பு இதைவிடப் பெரியது. வண்டியின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் தவணையாகக் கட்டிவிட்டால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது. நம் கணக்கில் 80,000இன் 75 விழுக்காடு 60,000. தவணைகளை மட்டும் எண்ணினால் 41ஆவது தவணையோடு அந்த எல்லை தாண்டப்படும். இழுப்பவர்களுக்கும் சட்டம் கட்டுப்பாடு வைக்கிறது. நிதி நிறுவனத்தின் சார்பில் வண்டி எடுக்கும் ஏஜெண்ட் வாடகைக் கொள்முதல் கட்டுப்பாட்டாளர் தரும் பெர்மிட் வைத்திருக்கவேண்டும். எடுத்தபின் 21 நாளுக்குள் ஐந்தாம் அட்டவணை அறிவிப்பு வரவேண்டும். அதில் வண்டியின் மதிப்பு, வண்டியை மீட்க எவ்வளவு, கடனை முடிக்க எவ்வளவு என்ற விவரங்கள் இருக்கும். அந்த அறிவிப்பு வந்தபின் 21 நாளுக்கு வண்டியை விற்கக்கூடாது. அந்த 21 நாளில் பாக்கித் தவணைகளையும் எடுத்த செலவையும் கட்டி வண்டியைத் திரும்ப வாங்கி, பழையபடி தவணையைத் தொடரலாம். விற்றுவந்த தொகை பாக்கியைவிட அதிகமாக இருந்தால் மிச்சம் வாங்கியவருக்குச் சேரும்.

இப்போது அதே 80,000 ரிங்கிட் லோரியை 5,000 கிலோ எடையோடு நிறுத்துங்கள். மேலே சொன்ன எதுவும் சட்டத்தால் கிடைப்பதில்லை. ஒப்பந்தத்தின் மீறல் பகுதியைத் திறந்தால், வழக்கமாக இந்தக் கருத்தில் ஒரு வாசகம் இருக்கும்: எந்தத் தவணையும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், குறித்த நாளுக்குப் பின் இத்தனை நாள் கட்டப்படாமல் இருந்தால் அது ஒப்பந்த மீறல். இரண்டு தவணை தவறத் தேவையில்லை, ஒன்றே போதும். அடுத்த பத்தியில் மீறல் ஏற்பட்டதும் மீதித் தவணைகள் முழுவதும் ஒரே நேரத்தில் கட்டவேண்டியதாகும் என்றிருக்கும். இதுதான் மிகவும் கடினமானது. சட்டத்துக்குட்பட்ட லோரிக்காரர் 3,000 ரிங்கிட் பாக்கியையும் எடுத்த செலவையும் கட்டினால் வண்டி திரும்பும். இவருக்கு மொத்தக் கடனையும் கட்டச்சொல்லிக் கடிதம் வரும். மூன்றாவது வாசகம் அறிவிப்பைப் பற்றியது: கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி இத்தனை நாளானால், கையில் கிடைத்ததாகவே கருதப்படும். மாக் மண்டின் அடுக்குமாடியிலிருந்து வேறு தாமானுக்குக் குடிமாறிப்போய், முகவரியை நிறுவனத்துக்குச் சொல்லாதவர் பலர். அவர்களுக்கு லோரி காணாமல் போன பிறகுதான் அறிவிப்பு வந்த செய்தி தெரிகிறது. வீடு மாறிய வாரமே முகவரி மாற்றத்தை எழுதிக்கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கி வைக்கவேண்டும்.

இழுக்கப்பட்டபின் பாக்கி எப்படிச் சேர்கிறது என்பதையும் கணக்காகவே பார்ப்போம். 20 தவணை கட்டியபின் லோரி போகிறது என்று வைப்போம். மீதி 40 தவணை, 60,000 ரிங்கிட். 78 விதிப்படி 8,066 கழிந்து 51,934 ஆகும். லோரி ஏலத்தில் 38,000க்குப் போகிறது என்றும், இழுத்த கூலியும் நிறுத்திவைத்த வாடகையுமாக 2,500 ஆகிறது என்றும் கொள்வோம். மிஞ்சும் பாக்கி 16,434 ரிங்கிட். முன்பணத்தோடு அவர் ஏற்கெனவே கட்டியது 38,000. லோரியும் இல்லை; ஆனாலும் பதினாறாயிரத்துக்கு வழக்கு வரும். உத்தரவாதக் கையெழுத்துப் போட்ட மச்சானுக்கும் வரும். சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தின் பெயரில் வாங்கியிருந்தாலும், இயக்குநராகத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தால் நிறுவனம் என்ற திரை பயன்படாது.

இங்கே லோரிக்காரர் முழுவதும் கைவிடப்பட்டவர் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, மீறலுக்காக ஒப்பந்தத்தில் எந்தத் தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் நீதிமன்றம் கொடுக்காது என்கிறது. 2018இல் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இந்தப் பிரிவை விளக்கியது. தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பை அந்தத் தீர்ப்பு மீறியவர்மேல் வைத்தது. ஆகவே தாமதக் கட்டணமும் இழுத்த செலவும் அளவு மீறியவை என்று வாதாட வழி உண்டு. ஆனால் ஆதாரத்தைத் தேடிக் கொண்டுவரவேண்டியவர் லோரிக்காரர். ஏலத்தில் 38,000க்குப் போன லோரியின் அதே வருடம், அதே வகை லோரிகள் அந்த மாதம் என்ன விலைக்கு விற்றன என்பதை அன்றே தேடி, விளம்பரங்களின் படங்களோடு வைத்துக்கொண்டால் அது பயன்படும். ஆறு மாதம் கழித்து வழக்கறிஞரிடம் போகும்போது அந்த விலை எங்கும் கிடைக்காது. கடன் கொடுத்தது வங்கியாக இருந்தால், 2025 ஜனவரி முதல் செயல்படும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவையிடம் முறையிடலாமா என்பதையும் முதலில் கேட்டுவிடுவது நல்லது; சட்டச் செலவில்லாத வழி அது.

ஒப்பந்தம் எதைச் சொன்னாலும், வண்டியை எடுக்கும் உரிமை அடிதடி செய்யும் உரிமையாகாது. பூட்டிய வேலியை உடைப்பதும் ஓட்டுநரை மிரட்டி இறக்குவதும் குற்றவியல் சட்டத்தின்கீழ் வரும். இந்தியாவிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே 1972இல் வாடகைக் கொள்முதலுக்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வராமலேயே கிடந்து 2005இல் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டு லோரிக்காரருக்கு அதனால் மலேசியக் கார்க்காரருக்கு உள்ள பாதுகாப்பு இல்லை. ஆட்களை வைத்து மிரட்டி வண்டியைப் பிடுங்குவது சட்டத்துக்கு ஒவ்வாது என்று 2007இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது.

மாக் மண்டினில் இழுப்பவர்கள் வரும் நேரம் பெரும்பாலும் லோரி சாலையோரம் நிற்கும் இரவு, சிலசமயம் சரக்கோடு. பெட்டிக்குள் இருப்பது தொழிற்சாலையின் பொருள், லோரிக்காரருடையதல்ல, கடன் கொடுத்தவருடையதும் அல்ல. லோரியை எடுக்கும் உரிமை அந்தச் சரக்கின்மேல் ஏறாது. சரக்கு இருந்தால், அங்கேயே பட்டியல் எழுதி எடுக்கிறவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். அவர் மறுத்தால் கைப்பேசியில் படம் எடுத்து, பெட்டி எண்களோடு, அன்றே காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுக்கவேண்டும். சரக்குக்குப் பதில் சொல்லவேண்டியவர் தொழிற்சாலையிடம் லோரிக்காரர்தான். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் லோரியோடு வாடிக்கையாளரும் போய்விடுவார்.

வேறொருவர் பெர்மிட்டின்கீழ் லோரி ஓட்டுகிறவருக்கு இன்னொரு ஆபத்து. வாடகைக்குச் சரக்கு ஏற்ற உரிமம் வேண்டும். அது இல்லாத சிறியவர் உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயரில் லோரியை வாங்கி, தவணையைத் தான் கட்டுவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். ஒப்பந்தத்தில் வாடகையாளர் அந்த நிறுவனம். அறிவிப்பு அதற்குத்தான் போகும். கழிவும் மிச்சப் பணமும் அதற்குத்தான் சேரும். இவர் மாதாமாதம் கட்டியதற்கு வங்கியின் கண்ணில் எந்தப் பெயரும் இல்லை. இந்த ஏற்பாடு உரிமச் சட்டத்தின் பார்வையிலும் தவறானது, வண்டியை இழந்தால் மீட்கும் வழியையும் அடைத்துவிடுகிறது. கட்டிய தவணைக்கு நிறுவனத்திடம் கையெழுத்து வாங்கி வைக்காதவர் நீதிமன்றத்தில் வெறுங்கையோடு நிற்பார்.

அப்படியானால் 5,000 கிலோ லோரி வாங்குகிறவர் என்னதான் செய்வது? சட்டம் தராததை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். ஒப்பந்தம் இருவர் சம்மதத்தால் ஆவது. சட்டத்துக்கு வெளியே உள்ள வண்டிக்கும், சட்டத்தில் உள்ள நிபந்தனைகளை அப்படியே சேர்க்க எந்தத் தடையும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். மூன்றை மட்டும் கேட்கவேண்டும்: தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் எடுக்கலாம், எடுக்கும் முன் 21 நாள் எழுத்து அறிவிப்பு, எடுத்தபின் 21 நாளுக்குள் பாக்கியையும் செலவையும் மட்டும் கட்டி மீட்கலாம். இவற்றில் முதல் இரண்டும் நிறுவனத்துக்குப் பெரிய இழப்பில்லை. மூன்றாவதுதான் லோரிக்காரரைக் காப்பது. அதற்குப் பதிலாகச் சற்றே அதிக முன்பணம் கொடுக்க வேண்டியிருந்தாலும் கொடுக்கலாம், ஏனென்றால் அதிக முன்பணம் பின்னால் மிஞ்சும் பாக்கியையும் குறைக்கிறது. எதற்கும் இசையாத நிறுவனத்திடம் இரண்டு வருடம் பழைய லோரியை வாங்குவதைவிட, இசைகிற நிறுவனத்திடம் நான்கு வருடம் பழையதை வாங்குவது நல்லது.

கோடிட்ட இடங்கள் காலியாக இருக்கும் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது. சட்டத்துக்குட்பட்ட ஒப்பந்தத்தில் முழுமையாகப் பூர்த்தியாகாத தாளில் கையெழுத்து வாங்குவதே தவறு. கையெழுத்தான பின் 14 நாளுக்குள் நகல் வரவேண்டும். சட்டத்துக்கு வெளியே இதையும் நாமே கேட்டு வாங்கவேண்டியதாகிறது. நகல் கைக்கு வரும்வரை முன்பணத்தை முழுதாகக் கொடுக்காமல் வைத்திருப்பது, ஒற்றை லோரிக்காரரின் கையில் இருக்கும் மிகச் சில நெம்புகோல்களில் ஒன்று.

இத்தனை சொன்ன பின்னும், தனி ஒருவர் பேரம் பேசித் தன்னைக் காத்துக்கொள்வது எல்லோராலும் முடியாது. முதல் அட்டவணையில் உள்ள 2,540 என்ற எண்ணை அமைச்சர் மாற்றவேண்டும். அதற்கு எண்ணை 5,000க்கு உயர்த்தினாலே போதும்: பெருநிறுவனங்களின் கண்டெய்னர் இழுவை லோரிகள் வெளியே நிற்கட்டும், பெட்டி ஏற்றும் சிறு லோரிகள் உள்ளே வரட்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளும் மாநிலத்தின் தமிழ்ச் சட்டமன்ற உறுப்பினர்களும் புத்ராஜெயாவிடம் எழுதிக் கேட்கக்கூடிய குறிப்பான, ஒரே வரிக் கோரிக்கை இது. பேருந்துக்கு எடை வரம்பு வேண்டாம் என்று ஒருமுறை முடிவுசெய்த சட்டம், சிறு லோரிக்கு அதைச் சற்று உயர்த்த முடியாது என்று சொல்ல நியாயம் இல்லை.